பிளேன்டீ வந்தால் கடன் இல்லை

அப்பா தன் ஆயுளில் எவரிடமும் "கடன் இல்லை" என்று வாயால் சொன்னது கிடையாது. பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார்.

பண்டாரவளை பிரதான வீதியில் எங்கள் கடை இருந்த வரிசை முழுக்க இது தெரிந்த விஷயம். தோட்டத்து ஆள் ஒருவர் படியேறி, மூட்டைகளை ஒருமுறை பார்த்து, தொண்டையைச் செருமத் தொடங்கும்போதே அப்பா பக்கத்துத் தேத்தண்ணிக் கடைப் பையனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டுவார். கிளாஸ் கைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு கேட்க முடியாது. மழை, கொழுந்து, புதுத் துரையின் குணம் எல்லாம் பேசிவிட்டு, "வாறேன் மொதலாளி" என்று அவர் இறங்கிப் போய்விடுவார். கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு சந்தைக்கு வரும்போது இருவரும் முகம் பார்த்துச் சிரிக்கலாம்.

தேத்தண்ணி வருவதற்குள் முந்திக்கொண்டு கேட்டுவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு அளவில் பதில். பத்து ராத்தல் மா கேட்டால் ஐந்து ராத்தல் கட்டிக் கொடுத்து, "இப்ப இதுதான் இருக்கு" என்பார். பின்னால் எட்டு மூட்டை அடுக்கியிருக்கும். வந்தவரும் அந்த எட்டு மூட்டையைப் பார்க்காததுபோலவே பார்த்துவிட்டுப் போவார். பையனிடம் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் சுலபம். சீட்டை நாலாக மடித்துப் பையனின் சட்டைப்பையில் திருப்பி வைத்து, கையில் ஒரு புளிப்பு மிட்டாய் கொடுப்பார். லயத்தில் அந்த மடிப்பைப் பார்த்தாலே பதில் விளங்கிவிடும்.

அப்பாவின் தலைக்கு மேலே "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே, மேசை லாச்சியில் கடன் கொப்பி. பலகை டவுன் ஆட்களுக்கு, கொப்பி தோட்டத்து ஆட்களுக்கு. தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, பத்தாம் திகதி. ஆனால் வயிறு தினமும் பேர் போடச் சொல்லும். அந்த இடைவெளியில்தான் எங்கள் வியாபாரம் நின்றது.

அப்பாவைத் தர்மவான் என்று நினைத்துவிட வேண்டாம். கொப்பிக்கு எடுப்பவருக்கு ராத்தலுக்கு ஒன்றிரண்டு சதம் கூட. அது வட்டி என்று யாரும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. கொப்பியில் பாக்கி இருக்கும்வரை அவர் எதிர்க்கடையில் ஏறவும் மாட்டார். இந்த மலையில் கடன் என்பது ஆளைப் பிடித்து வைக்கும் கயிறாகத்தான் தொடங்கியது. கங்காணியிடம் பட்ட கடனுக்குத் துண்டு எழுதி, இன்னொரு தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆள் இடம் மாறலாம் என்றிருந்த வழக்கத்தை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சட்டம் தோட்டத்தைத்தான் கட்டுப்படுத்தியது. பண்டாரவளைக் கடைத்தெரு அதே வேலையைக் கொஞ்சம் மரியாதையாகச் செய்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு பழைய ஆளுக்குக் கடன் இல்லை என்று சொல்வது, அவரைப் பிடித்திருந்த கயிற்றை நாமே அவிழ்த்து விடுவது. அப்பா பிளேன்டீக்குச் செலவு செய்ததில் பாதி அந்தப் பயம்தான்.

1974இல் அந்தத் தந்திரத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கி, தோட்டங்களில் மரவள்ளிக்கும் கீரைக்கும் அலைந்த வருடம் அது. கடையில் மெய்யாகவே மா இல்லை. அப்பா எல்லோரிடமும் "மா இல்லை" என்றார். ஒருவரும் நம்பவில்லை. நம்புவதற்குக் காரணமும் இல்லை. பத்து வருடமாக எட்டு மூட்டைக்கு முன்னால் நின்று அதே வசனத்தைச் சொன்னவர் அவர்தான். ஒரு கிழவி உள்ளே வந்து, சாக்குகளைத் தூக்கி உதறிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்பா தடுக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் பழக்கத்தை மாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறு வசனம் அவருக்குத் தெரியாது.

1983 ஜூலை 27 பகலில் பதுளையில் கலவரம் தொடங்கியது, இருட்டுவதற்குள் பண்டாரவளைக்கும் வந்தது. கடை எரிந்தது, லாச்சி எரிந்தது, கொப்பியும் எரிந்தது. சில மாதம் கழித்து ஒரு தகரக் கொட்டகையில் மறுபடி தராசை மாட்டியபோது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று அப்பாவுக்கு நினைவில் இருந்தது பாதிகூட இல்லை. சிலர் தாங்களாகவே வந்து தொகையைச் சொல்லிக் கட்டினார்கள். கதை சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி மலையக மக்களின் நேர்மையைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவன். வந்தவர்களில் பெரும்பாலோர் சின்னத் தொகைக்காரர். பெரிய தொகைக்காரர்கள் கொப்பி எரிந்ததற்கு எங்களைவிட அதிகமாக வருத்தம் தெரிவித்தார்கள், தூரத்தில் இருந்து.

விதிவிலக்காக ஒருவர் வந்தார். பூணாகலைப் பக்கத் தோட்டத்துக்காரர், வீட்டில் கல்யாணம் முடித்த கடன் அவருக்கு இருந்தது. நானூற்றுச் சொச்சம் என்று அவரே சொன்னார், மூன்று சம்பளத்தில் கட்டினார். முழுக்க முடிக்கவில்லை. கடைசியில் பதினைந்து ரூபாய் நிற்கும்போது, "அது கெடக்கட்டும் மொதலாளி, புதுக் கொப்பியில எழுதிக்குங்க" என்றார். அப்பா அதை முதல் பக்கத்தில் எழுதினார். கடைக்காரனுக்கு இதன் பொருள் தெரியும். பாக்கியைச் சுத்தமாகத் துடைத்துக் கட்டுகிறவன் போகப் போகிறான். கொஞ்சம் மிச்சம் வைக்கிறவன் திரும்பி வருவான்.

அவருடைய மகன்தான் 2022 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியது.

அவர் இப்போது தோட்டத்தில் வேலை செய்யவில்லை. லயத்து முனையில் ஒரு கடை வைத்திருக்கிறார். என்னிடம் மொத்தமாக எடுத்து அங்கே கிலோ கிலோவாக விற்பவர், அதிலும் பாதி கொப்பிக்கு. குரல் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடியது. முதல் ஒரு நிமிடம் என் சுகம், வீட்டில் எல்லோருடைய சுகம், கரண்ட் வெட்டு, டீசல் வரிசை. கடைசியில்தான் விஷயம். நாளை மறுநாள் வருஷப் பிறப்பு. சம்பளம் போட்டார்கள், ஆனால் எல்லோரும் பாதிப் பாக்கிதான் கட்டினார்கள், ஆயிரம் ரூபாய் பேருக்கு மா வாங்கவே போதவில்லை. மா, சீனி, பருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குச் சாமான் வேண்டும். மே பத்துச் சம்பளத்தில் ஒரே தடவையாகத் தந்துவிடுகிறேன் அண்ணே.

தருவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடைஞ்சல் அங்கேதான் இருந்தது.

மொத்த வியாபாரத்தில் மா, சீனிக்கு நூற்றுக்கு மூன்று நின்றால் எனக்கு நல்ல மாதம். ஒன்றரை லட்சத்தில் நாலாயிரத்து ஐந்நூறு. சாதாரண காலத்தில் ஒரு மாதத் தவணை அந்த நாலாயிரத்து ஐந்நூற்றில் கொஞ்சத்தைத் தின்னும், மிச்சம் என் பங்கு. ஒருவர் கட்டாமலே போனால்தான் அடி. அந்த ஒன்றரை லட்சத்தை மீட்க ஐம்பது லட்சத்துக்கு விற்க வேண்டும். ஆகவே கடன் கேட்டால் ஆளைப் பார்ப்போம். அப்பா பார்த்தது ஆளை, நான் பார்த்ததும் ஆளை.

2022இல் ஆளைப் பார்த்துப் பயனில்லை. கொழும்புக் கணக்கில் உணவு விலையேற்றம் முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டு மார்ச்சில் நூற்றுக்கு 30, ஏப்ரலில் 46க்கு மேல். ஒரே மாதத்தில் பத்து வீதம் ஏறுகிறது என்று வையுங்கள். அவர் மே பத்தாம் திகதி சதம் பிசகாமல் ஒன்றரை லட்சத்தை என் மேசையில் வைக்கிறார். அந்தக் காசை எடுத்துக்கொண்டு நான் மூட்டை எடுக்கப் போனால், ஏப்ரல் விலையில் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்துக்கு உரிய சாமான்தான் கிடைக்கும். என் நாலாயிரத்து ஐந்நூறு போய், மேலும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கையைவிட்டுப் போயிருக்கும். நேர்மையான ஆளுக்குக் கொடுத்து, அவர் நேர்மையாகத் திருப்பித் தந்து, அதனால் நான் சுருங்குவது. அப்பாவின் கொப்பியில் இதற்கு ஒரு பத்தி இல்லை. மார்ச்சில் மூன்று நல்ல ஆட்கள் எனக்கு இதை ஒழுங்காகக் கட்டிக் கட்டியே கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

மத்திய வங்கி நாலு நாளைக்கு முன் வட்டியை ஒரேயடியாக ஏழு வீதம் தூக்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனை 14.5 வீதத்துக்குக் கொண்டுபோயிருந்தது. கம்பனி லொறிகள் காசை எண்ணிய பிறகுதான் படுதாவை அவிழ்த்தன.

அன்றைக்கு இன்னொரு கடிதமும் வெளியானது. வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று நிதி அமைச்சு உலகத்துக்கு அறிவித்தது அதே ஏப்ரல் 12. வேறு வழியில்லாத கடைசி நடவடிக்கை, கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடத்தப்படுவார்கள் என்று எழுதியிருந்தார்கள். நாடு கடன்காரர்களுக்கு எழுதுகிறது, நான் கடன் கேட்டவருக்கு எழுத வேண்டும். இரண்டும் ஒரே காலைப்பொழுதில். நாட்டுக்காவது வாசகம் எழுத ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு மகன் இருந்தான். அவன் உடனே ஒன்று தட்டிக் காட்டினான்: "எமது பெறுமதிமிக்க வாடிக்கையாளரே, தற்போதைய பொருளாதாரச் சூழ்நிலை காரணமாகக் கடன் வசதிகளைத் தற்காலிகமாக இடைநிறுத்தியுள்ளோம் என்பதை மனவருத்தத்துடன் அறியத் தருகிறோம்." பூணாகலையில் பெறுமதிமிக்க வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை. தகப்பன் காலத்திலிருந்து தம்பி என்று கூப்பிட்டவரைத் திடீரென்று வாடிக்கையாளர் என்று அழைத்தால், கடன் இல்லை என்பதைவிட அந்த விளிதான் சுடும். "தற்காலிகமாக" என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மே முதலாம் திகதி போன் எடுத்து, தற்காலிகம் முடிந்ததா என்று கேட்பார். அவர் அப்படித்தான் கேட்க வேண்டும்.

மனைவி சொன்ன வாசகம் வேறு: "நாங்களே கஷ்டத்துல இருக்கோம் தம்பி." உண்மைதான். ஆனால் கஷ்டத்தைக் காரணமாக வைத்தால் பேச்சு யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று திரும்பும். அந்தப் போட்டியில் லயத்தில் இருப்பவர் என்னை நின்ற நிலையில் தோற்கடிப்பார்.

அப்பாவின் வழியும் இல்லை. போனில் பிளேன்டீ வாங்கிக் கொடுக்க முடியாது. சாமான் இல்லை என்று எழுதினால், மாலை டவுனுக்கு வந்து மூட்டைகளைப் பார்ப்பார். அப்பா காலத்தில் ஆளுக்கு ஒரு பதில் சொல்லலாம். சொன்னது படியோடு போய்விடும். இப்போது எழுதியது நிற்கும். வேனில் பூணாகலைக்கு ஏறும்போது நாலு கடைக்காரர்கள் போனை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒருவருக்குக் காரணம் விலை, இன்னொருவருக்குக் காரணம் வங்கி என்று எழுதியிருந்தால், வேன் தோட்டத்துக் கேற்றைத் தாண்டுவதற்குள் என் மரியாதை போய்விடும். மூன்றாவது ஆள் வாசித்தாலும் அவருக்குக் குறைவு வராத மாதிரி எழுத வேண்டும்.

பத்து மணிக்குள் அனுப்பினேன். கேட்டவர் மத்தியானத்துக்குள் வேறு வழி தேட வேண்டியிருக்கும். மாலையில் போய்ச் சேரும் மறுப்பு அந்த வழியையும் அடைத்துவிடும். போன் எடுத்துப் பேசவில்லை. பேசினால் அவர் கெஞ்ச வேண்டி வரும், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரும். எழுத்தில் வந்தால் அவர் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அனுப்பியது இதுதான்:

"தம்பி, உன் வொய்ஸ் கேட்டேன். இந்த முறை கடனுக்குச் சாமான் தர ஏலாது. நீ தரமாட்டாய் என்று இல்லை. நீ பத்தாம் திகதி சரியாகத் தந்தாலும், அந்தக் காசுக்கு அன்றைக்கு அதே மூட்டைகளை என்னால் எடுக்க முடியாது. போன மாதம் மூன்று பேரிடம் அப்படியாகிவிட்டது. அதனால் இந்த மாதத்திலிருந்து யாருக்கும் கடன் இல்லை. எப்போது மறுபடி கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது, அதனால் நாள் சொல்லவில்லை. கைக்காசுக்கு எடுத்தால் மூட்டைக்கு நூறு ரூபாய் குறைத்துப் போடுகிறேன். இரண்டு மூட்டை மாவும் ஒரு மூட்டை சீனியும் உன் பெயருக்கு எடுத்து வைத்திருக்கிறேன், மாலை ஐந்து மணிவரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன். தேவைப்படாவிட்டால் ஒரு சொல்லுப் போடு."

மறுப்பு இரண்டாவது வரியிலேயே இருப்பதைக் கவனிக்கலாம். சுகம் விசாரித்து, காலத்தைத் திட்டி, கடைசி வரியில் இல்லை என்று சொன்னால், வாசிப்பவர் நாலு வரிக்கு நம்பிக்கையோடு ஏறிவிட்டு அங்கிருந்து விழுவார். எடுத்து வைத்த மூன்று மூட்டை மிக முக்கியம். அந்த வாரம் காசு இருந்தாலும் மா கிடைக்குமா என்பது கேள்வி. கடன் தர முடியாத நான் அவருக்குத் தரக்கூடியதாக இருந்தது அந்த இடம் ஒன்றுதான். நூறு ரூபாய்க் குறைப்பும் கருணை இல்லை. கொப்பிக்காரருக்கு அப்பா ஏற்றி வைத்த அந்த ஒன்றிரண்டு சதத்தைத்தான் கழித்தேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. அவர் பழைய பாக்கி நாற்பத்திரண்டாயிரம் இருந்தது. மகன் அதையும் சேர்க்கச் சொன்னான், எப்படியும் எழுதுகிறோமே என்று. கடன் இல்லை என்பதற்கும் பாக்கியைக் கட்டு என்பதற்கும் தனித்தனியாக அர்த்தம் உண்டு. ஒன்றாக எழுதினால் உன்னை நம்பவில்லை என்று மூன்றாவது அர்த்தம் வரும்.

நீல டிக் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. பன்னிரண்டு மணி, ஒரு மணி. இந்த அவஸ்தை அப்பாவுக்கு இருந்ததில்லை. அவர் காலத்தில் ஆள் மனம் நொந்தாரா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்தால் போதும். சந்தைக்குப் போகிறவர் எங்கள் பக்கத்து நடைபாதையில் வருகிறாரா, எதிர்ப்பக்கம் போகிறாரா என்று தெரிந்துவிடும். சிலர் தாங்கள் வராமல் பிள்ளையை அனுப்புவார்கள். அது பாதிக் கோபம்.

இரண்டு மணிக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அப்பாவின் கொப்பியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடன் வாங்கிக் கட்டைவிரலைப் பதித்தார்கள். இப்போது பத்தாம் வகுப்புப் படித்தவர் கடன் கிடைக்காததற்குக் கட்டைவிரலைப் பதிக்கிறார். நாலரைக்கு அவரே வந்தார். மூன்று மூட்டைக்கும் காசு எண்ணினார், மனைவியின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போனதைக் காற்றோடு சொல்வதுபோலச் சொன்னார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என் மெசேஜ் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த வளையலைத் திருப்பிக் கொண்டுவராது. மேலே கம்பனி எனக்கு இல்லை என்றது, நான் அவருக்கு இல்லை என்றேன், அவர் லயத்தில் யாருக்கோ இல்லை என்பார். கடன் இறங்கிய படிகளிலேயே மறுப்பும் இறங்குகிறது.

பிறகு அவர் பழைய பாக்கியைப் பற்றி எடுத்தார். வயிற்றில் ஏதோ புரண்டது. நாற்பத்திரண்டையும் வைத்துவிட்டால் தகப்பன் காலத்துத் தொடர்பு அன்றோடு சரி. இருபதாயிரத்தை எண்ணி வைத்தார். "மிச்சம் கெடக்கட்டும் அண்ணே" என்றார். காசை வாங்கும்போது, குறைவாகத் தந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட கடைக்காரன் ஊவாவில் அன்று நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

மெசேஜ் என் கையை விட்டுப் போனது அதற்குப் பிறகு. அவர் அதை அப்படியே தன் லயத்து ஆட்களுக்கு அனுப்பினார், மூட்டை என்ற இடத்தில் கிலோ என்று மாற்றி. பக்கத்துத் தோட்டக் கடைக்காரர் ஒருவர் அதைத் தன் ஆட்களுக்குப் போட்டார். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று நான் பின்தொடரவில்லை.

மே மாதம் எனக்கு இரண்டு வாரத் தவணை கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர், சவர்க்கார ஏஜென்ட். இருபத்தைந்து வருடப் பழக்கம். வழக்கம்போலச் சாமான் பட்டியலை அனுப்பி, வழக்கம்போலத் தவணை என்று எழுதினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "அண்ணே, உங்கள் மெசேஜ் பார்த்தேன். இந்த முறை கடனுக்குச் சாமான் தர ஏலாது. நீங்கள் தரமாட்டீர்கள் என்று இல்லை..." என்று தொடங்கி, கடைசிவரை ஒரு வரிகூடப் பிசகாமல் வந்திருந்தது. மூட்டை என்பதைப் பெட்டி ஆக்கியிருந்தார். ஓர் இடத்தில் மட்டும் மாற்ற மறந்து, இரண்டு மூட்டை மாவும் ஒரு மூட்டை சீனியும் என் பெயருக்கு எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

எதிர்த்துச் சொல்ல ஒரு ஓட்டையும் இல்லை. தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான் கண்ணில் பட்டது: கைக்காசுக்கு நான் குறைத்தது நூறு, அவர் குறைத்தது ஐம்பது. ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, வங்கிக்குப் போகக் குடையை எடுத்தேன்.